நான்கு கோடுகளில் தொடங்கும் இதயத் துடிப்பு

கேள்வி: மணவூரிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். இதயச் சுழற்சி வரைபடத்தைப் புத்தகத்தில் பார்க்கும்போது எல்லாம் புரிவதுபோல் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு வரைய உட்கார்ந்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. எப்படிப் பழகுவது? இன்னொன்று. எங்கள் பெரியம்மாவுக்கு மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நன்றாகவே நடமாடுகிறார். திருத்தணி மலைப் படி ஏறினால் மட்டும் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். இதற்கான காரணம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்துகொண்டால் இரண்டாவதை நீங்களே வரைந்து பார்த்துவிடலாம். அதனால் அதே வரிசையில் போவோம்.

நீங்கள் சொல்லும் படத்துக்கு விக்கர்ஸ் வரைபடம் என்று பெயர். அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த கார்ல் விக்கர்ஸ் (1883–1963) பெயரால் வழங்குவது. இதில் அழுத்தம், கன அளவு, இசிஜி, இதய ஒலி எல்லாம் ஒரே கால அச்சின்மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. படத்தின் பயனே அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் மேலிருந்து கீழாகப் பார்த்தால், அந்த நொடியில் இதயத்துக்குள் நடப்பது மொத்தமும் தெரியும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் இதை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கோடாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆறு கோடுகள், ஆறு தனித்தனி வடிவங்கள். தேர்வறையில் அவை கலப்பதற்குக் காரணம் அதுதான். நினைவு மோசமாக இருப்பதால் அல்ல.

எனவே முதலில் எந்த வளைகோட்டையும் வரையாதீர்கள். வரைபடத்தாளைக் குறுக்காக வைத்து ஒன்பது கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் 0.1 நொடி. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சிக்கு 0.8 நொடி, அதற்கு எட்டுக் கட்டங்கள் போதும். இடது ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாக விடச் சொல்வதற்குக் காரணம் இசிஜி வரையும்போது விளங்கும். ஏட்ரியம் சுருங்கத் தொடங்கும் நொடியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, 0.10, 0.15, 0.40, 0.48 ஆகிய நான்கு இடங்களில் மேலிருந்து கீழ்வரை செங்குத்துக் கோடு இழுங்கள். இதயத்தின் இடது பக்கத்துக்கு மட்டும் வரைந்தால் போதும். வலது பக்கத்தின் வடிவமும் ஏறக்குறைய இதேதான், அழுத்தம் மட்டும் குறைவு.

இந்த நான்கு கோடுகளும் நான்கு வால்வு நிகழ்ச்சிகள். 0.10-ல் மைட்ரல் வால்வு மூடுகிறது. 0.15-ல் அயோர்டிக் வால்வு திறக்கிறது. 0.40-ல் அயோர்டிக் மூடுகிறது. 0.48-ல் மைட்ரல் திறக்கிறது. கோடுகளுக்கு இடையே எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஒவ்வொரு பட்டையிலும் எழுதுங்கள். எழுதியதும் ஒன்று கண்ணில் படும்: 0.10-க்கும் 0.15-க்கும் நடுவில் ஒரு குறுகிய பட்டை, 0.40-க்கும் 0.48-க்கும் நடுவில் இன்னொன்று. இந்த இரண்டில் மட்டும் இரு வால்வுகளுமே மூடியிருக்கின்றன. ஐசோவால்யுமெட்ரிக் சுருக்கம், ஐசோவால்யுமெட்ரிக் தளர்வு என்று நீங்கள் படித்தவை இந்தப் பட்டைகள்தான். உள்ளே இருக்கும் இரத்தம் போகவும் வழியில்லை, புதிதாக வரவும் வழியில்லை. அதனால் கன அளவு மாறாது, அழுத்தம் மட்டும் மாறும்.

வால்வு தானாக முடிவெடுத்துத் திறப்பதில்லை. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைப் போலத்தான்: எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ, அதைப் பொறுத்துத் திறக்கும் அல்லது மூடும். ஆகவே இரண்டு அழுத்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடமே வால்வு திறக்கும் அல்லது மூடும் இடம். இந்த ஒரு விதி கையில் இருந்தால் படத்தின் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யாமலே வரைந்துவிடலாம்.

இப்போது இடது வெண்ட்ரிக்கிளின் அழுத்தக் கோடு. பூஜ்யத்தில் 5 மி.மீ. பாதரசம் அளவில் தொடங்கும். ஏட்ரியம் சுருங்குவதால் சிறிது மேடு எழும். 0.10-லிருந்து சட்டென்று செங்குத்தாக ஏறி, 0.15-ல் 80-ஐத் தொடும். பிறகு வளைந்து ஏறி உச்சத்தில் 120-ஐத் தொட்டு, 0.40-ல் 100 அளவுக்கு இறங்கும். அங்கிருந்து மீண்டும் செங்குத்தாக விழுந்து 0.48-க்குள் அடித்தளத்துக்கு வந்துவிடும். அதன்பின் ஏறக்குறைய தட்டையாகவே கிடக்கும். செங்குத்தாக ஏறும் இடமும் இறங்கும் இடமும் எந்தப் பட்டைகளில் விழுகின்றன என்று பாருங்கள். இரண்டும் மூடிய பட்டைகள்.

அடுத்து பெருந்தமனி. 0.15 வரை மெல்லச் சரிந்து 80-க்கு வரும். வால்வு திறந்ததும் வெண்ட்ரிக்கிளோடு சேர்ந்து 120-க்கு ஏறி, 0.40-ல் 100-க்கு இறங்கும். வால்வு மூடும் இடத்தில் ஒரு சிறு வெட்டு, அதை அடுத்து ஒரு சிறு மேடு. பிறகு அடுத்த சுழற்சியின் 0.15 வரை பொறுமையாகச் சரியும். பெருந்தமனியின் சுவர் மீள்தன்மை உடையது. விரிந்த சுவர் மெல்லச் சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளிக்கொண்டிருப்பதால் அழுத்தம் 80-க்குக் கீழே போவதில்லை. வெண்ட்ரிக்கிளோடு சேர்த்து இதையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவது நான் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை. நான்கு கோடு போட்டு வரைந்தவர்களிடம் இந்தப் பிழை வராது. 0.40-க்குப் பிறகு அயோர்டிக் மூடியிருக்கிறது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். வெண்ட்ரிக்கிளுக்கும் பெருந்தமனிக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்பது கண்முன் இருக்கும்.

இந்த இடத்தில் கூர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். நுட்பமாக அளந்து வரைந்த படங்களில், இரத்தம் வெளியேறும் கட்டத்தின் பிற்பகுதியில் வெண்ட்ரிக்கிள் கோடு பெருந்தமனிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓடும். அப்படியும் வால்வு உடனே மூடுவதில்லை. வேகமெடுத்த இரத்தம் அந்த வேகத்தாலேயே இன்னும் கொஞ்ச நேரம் முன்னோக்கி ஓடுகிறது. அதனால் அயோர்டிக் மூடும்போது மட்டும் வெட்டும் புள்ளி சிறிது முந்தி வரும். விதிக்கு இந்த ஒரு விலக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடது ஏட்ரியம் அழுத்தத்தில் சிறியது, பத்து மி.மீ.க்குள் அடங்கிவிடும். பூஜ்யத்தில் ஏட்ரியம் சுருங்கும் மேடு, அதுதான் ஏ அலை. 0.10-க்குச் சற்றுப் பின் மூடிய மைட்ரல் வால்வு ஏட்ரியத்தின் பக்கம் பிதுங்குவதால் ஒரு சிறு சி அலை. அதன் பிறகு நுரையீரலிலிருந்து இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, முன்னே கதவோ மூடியிருக்கிறது. ஆகவே கோடு மெல்ல ஏறி 0.48-ல் வி அலையின் உச்சிக்கு வரும். மைட்ரல் திறந்ததும் இறங்கும். 0.10, 0.48 இரண்டிலும் இது வெண்ட்ரிக்கிள் கோட்டை வெட்டுகிறதா என்று பாருங்கள். வெட்டாவிட்டால் எங்கோ தவறு.

கன அளவுக் கோடு உங்களுக்கு இனி எளிது. மூடிய இரு பட்டைகளிலும் தட்டை. முதல் தட்டை 120 மி.லி. உயரத்தில், இரண்டாவது 50 மி.லி. உயரத்தில். நடுவில் 70 மி.லி. வெளியேறுகிறது, அதில் பெரும்பகுதி 0.25-க்குள்ளேயே போய்விடும், ஆகவே கோடு முதலில் சரேலென்றும் பிறகு மெதுவாகவும் இறங்கவேண்டும். 0.48-க்குப் பிறகும் அதே கதை: முதலில் வேகமாக நிரம்பும், பிறகு சோம்பிக் கிடக்கும், கடைசியில் ஏட்ரியம் சுருங்கி மீதியைச் சேர்க்கும். ஓய்வு நிலையில் ஏட்ரியம் சேர்ப்பது நிரம்பும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். எனவே பூஜ்யத்தில் கோடு 105 அளவில் நிற்கவேண்டும்.

ஒலி இரண்டும் வால்வு மூடுவதோடு சேர்ந்தவை. 0.10-ல் முதல் ஒலி, 0.40-ல் இரண்டாம் ஒலி. இயல்பான வால்வு திறக்கும்போது காதுக்கு எதுவும் கேட்பதில்லை. கடைசியாக இசிஜி. மின்தூண்டல் முன்னே போகும், தசை பின்னே சுருங்கும். ஏட்ரியம் பூஜ்யத்தில் சுருங்குகிறது என்றால் பி அலை பூஜ்யத்துக்கு முன்பே தொடங்கியாகவேண்டும். கூடுதலாக விட்ட கட்டம் இதற்குத்தான். க்யூஆர்எஸ் 0.10-க்குச் சற்று முன் தொடங்கும். டி அலை வெளியேற்றத்தின் பிற்பகுதியில் எழுந்து, இரண்டாம் ஒலியை ஒட்டி முடியும்.

வரைந்து முடித்ததும் தாளின் வலது ஓரத்தைப் பாருங்கள். 0.8-ல் ஒவ்வொரு கோடும் நிற்கும் உயரம், பூஜ்யத்தில் அதே கோடு நின்ற உயரமாக இருக்கவேண்டும். இது சுழற்சி, முடிவும் தொடக்கமும் ஒட்டவேண்டும். பெருந்தமனிக் கோடு பூஜ்யத்தில் 84-லும் 0.8-ல் 100-லும் நின்றால், சரிவை நீங்கள் போதுமான அளவு இறக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காமலே பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

இனி நினைவிலிருந்து வரையும் பயிற்சி. முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப வரைவதில் நேரம்தான் போகும். முதல் நாள் புத்தகத்தை மூடிவிட்டு நான்கு கோடுகளும் வால்வு நிலைகளும் மட்டும். அது தடுமாறாமல் வந்தபின் அழுத்தக் கோடுகள் மூன்று. அதன் பிறகே மற்றவை. வரைந்து முடித்துப் புத்தகத்தோடு ஒப்பிடும்போது, தவறிய இடத்தைச் சிவப்பு மையால் திருத்துவதோடு நிறுத்தாமல், அதன் அருகே காரணத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். “0.12-ல் கன அளவு இறங்கக் கூடாது, அயோர்டிக் இன்னும் திறக்கவில்லை” என்பதுபோல. காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தேர்வில் பெயர்களை ஆங்கிலத்தில் குறிக்கப்போகிறீர்கள் என்பதற்காகச் சிந்தனையையும் ஆங்கிலத்தில் தள்ளவேண்டியதில்லை. மறுநாள் முழுப் படத்தை விட்டுவிட்டு, அந்தத் தவறிய பகுதியை மட்டும் வரையுங்கள். சில நாள் இடைவெளி விட்டு, மறக்கத் தொடங்கும் நேரத்தில் முழுவதையும் ஒருமுறை.

இது கைவந்ததும் பயிற்சியைக் கடினமாக்குங்கள். தோழியிடம் கன அளவுக் கோட்டை மட்டும் வரைந்து தரச் சொல்லுங்கள். அதை வைத்தே வால்வுகளையும் ஒலிகளையும் நீங்கள் குறிக்கவேண்டும். தட்டை தொடங்கும் இடத்தில் ஒரு வால்வு மூடுகிறது, தட்டை முடியும் இடத்தில் இன்னொன்று திறக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் போதும். அல்லது அளவுகோலை 0.12, 0.30, 0.44, 0.60 என்று ஏதாவது ஓரிடத்தில் செங்குத்தாக வைத்து, அந்த நொடியில் எந்த வால்வு எப்படி இருக்கிறது, எந்த அறையில் அழுத்தம் அதிகம், இரத்தம் எங்கே ஓடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரயிலில் தாள் விரிக்க இடமில்லாதபோதும் இதைச் செய்யலாம்.

அடுத்த படம் அழுத்த–கன அளவு வளையம். இது தனிப் பாடமில்லை, அதே நான்கு கோடுகள்தான். கிடையச்சில் கன அளவு, செங்குத்தச்சில் அழுத்தம். மைட்ரல் மூடும் புள்ளி: 120 மி.லி., பத்து மி.மீ.க்குள். அயோர்டிக் திறக்கும் புள்ளி: அதே 120, ஆனால் 80. அயோர்டிக் மூடுவது: 50 மி.லி., 100. மைட்ரல் திறப்பது: 50 மி.லி., அடித்தளத்தில். நான்கையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இணைத்தால் வளையம் வந்துவிடும். வளையத்தின் அகலமே ஒரு துடிப்பில் வெளியேறும் 70 மி.லி. இரண்டு செங்குத்துப் பக்கங்களும் மூடிய பட்டைகள். விக்கர்ஸ் படத்தை நீங்கள் நினைவிலிருந்து வரைந்து, அதிலிருந்து மட்டுமே எண்களை எடுத்து வளையத்தைப் போடுங்கள். செங்குத்தாக வரவேண்டிய பக்கம் சாய்ந்தால், முதல் படத்தின் தட்டை சரியாகத் தட்டையாக இல்லை என்று பொருள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வளையத்தில் நேரம் கிடையாது. 0.05 நொடியில் நடப்பதும் 0.25 நொடியில் நடப்பதும் அதில் ஒரேபோல் பக்கங்களாகத்தான் தெரியும்.

வளைகோடு எதுவானாலும் முதலில் நிலையான புள்ளிகள், பிறகு அவற்றை இணைக்கும் காரணம் என்ற வரிசைதான். ஆக்சிஜன் பிரிகைக் கோட்டுக்கு 27-ல் 50 விழுக்காடு, 40-ல் 75, 100-ல் 97 என்ற மூன்று புள்ளிகளைப் போட்டபின் வரைந்தால் எஸ் வடிவம் தானாகவே வந்துவிடும்.

இப்போது பெரியம்மா. மைட்ரல் சுருக்கத்துக்கு நம் நாட்டில் முதன்மையான காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் பின்விளைவு அது; வால்வின் இதழ்கள் ஒட்டிப்போகப் பல ஆண்டுகள் ஆகும். திறந்திருக்கும்போது 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கவேண்டிய வழி குறுகிவிடுகிறது.

புதிய தாளில் வரையுங்கள். இயல்பான இதயத்தில் 0.48-க்குப் பிறகு ஏட்ரியம், வெண்ட்ரிக்கிள் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே ஓடும். இங்கே படியாது. குறுகிய வழியில் இரத்தத்தைத் தள்ள ஏட்ரியத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தாகவேண்டும். நிரம்பும் நேரம் முழுவதும் இரு கோடுகளுக்கும் இடையே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். வெண்ட்ரிக்கிள் 6-ல் இருந்தால் ஏட்ரியம் 12. ஓய்வில் இருக்கும்போது இதை நுரையீரல் தாங்கிக்கொள்ளும்.

திருத்தணியில் 365 படிகள். ஏறும்போது துடிப்பு 150 ஆனது என்று வைத்துக்கொள்வோம். சுழற்சி 0.8-லிருந்து 0.4 நொடியாகப் பாதியாகிறது. ஆனால் இந்தக் குறைவு சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வெண்ட்ரிக்கிள் சுருங்கும் நேரம் ஓரளவுதான் குறையும், நிரம்பும் நேரம்தான் பெரிதும் வெட்டுப்படும். ஓய்வில் மைட்ரல் திறந்திருந்தது 0.42 நொடி, அதாவது 0.48-லிருந்து அடுத்த சுழற்சியின் 0.10 வரை. இப்போது ஏறக்குறைய 0.16 நொடிதான். ஓய்வில் 0.42 நொடியில் 70 மி.லி. கடந்தது, நொடிக்கு 167 மி.லி. இப்போது ஒரு துடிப்புக்கு 50 மி.லி.யாகக் குறைந்தாலும் 0.16 நொடியில் கடக்கவேண்டும். நொடிக்கு 312 மி.லி. வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. குறுகிய துளைக்குள் ஓட்டம் இரு மடங்கானால் அதற்குத் தேவையான அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும். நமது கணக்கில் 1.87-ன் வர்க்கம், மூன்றரை மடங்கு. ஆறு இருபத்தொன்றாகிறது. ஏட்ரியத்தில் அழுத்தம் 27. அந்த அழுத்தம் அப்படியே பின்னோக்கி நுரையீரலின் தந்துகிகளுக்குப் போகும். 25-ஐத் தாண்டும்போது நீர் நுரையீரல் திசுவுக்குள் கசியத் தொடங்கும். அவர் படியில் உட்கார்ந்துவிடுவதன் காரணம் இதுதான். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அவருடைய அளவுகள் எக்கோவில்தான் தெரியும்.

இதே தாளிலிருந்து அவருடைய மார்பில் என்ன கேட்கும் என்பதையும் சொல்லிவிடலாம். உயர்ந்துபோன ஏட்ரியக் கோட்டை, கீழே விழும் வெண்ட்ரிக்கிள் கோடு முன்னதாகவே வெட்டிவிடுகிறது. ஆகவே மைட்ரல் 0.48-க்கு முன்பே திறக்கும். இதழ்கள் விறைத்திருப்பதால் திறக்கும்போதே ஒரு சொடுக்கு கேட்கும். சுருக்கம் அதிகமாக ஆக இந்தச் சொடுக்கு இரண்டாம் ஒலிக்கு நெருங்கி வரும். அதை அடுத்து, கோடுகளுக்கிடையே இடைவெளி இருக்கும் அந்த நேரத்தில், தாழ்ந்த குரலில் ஓர் உறுமல். ஏட்ரியம் சுருங்கும்போது இடைவெளி விரிந்து உறுமல் கூடும். ஏட்ரியம் ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்கிவிட்டால் ஏ அலை போய்விடும். அந்தக் கடைசி ஏற்றமும் அதோடு போய்விடும்.

பெரியம்மாவிடம் சொல்லவேண்டியது: இதயநோய் மருத்துவரைப் பார்த்து எக்கோ எடுத்து, அவர் சொல்லும்வரை படி ஏறவேண்டாம். மலைமேல் கோயில்வரை வண்டி போகும் சாலை இருக்கிறது. தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது, இரவில் மூச்சடைத்து எழுகிறார், இருமலில் இரத்தம் வருகிறது என்றால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மருத்துவர் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கலாம். வால்வின் நிலையைப் பொறுத்து பலூனால் விரிப்பதும் உண்டு.

அந்த மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்பது உங்களுக்கான கடைசிப் பயிற்சி. துடிப்பு 60, சுழற்சி 1.0 நொடி, நிரம்பும் நேரம் 0.6 நொடி, கடக்கவேண்டியது 70 மி.லி. கணக்கிட்டு, இரு கோடுகளுக்கும் இடையில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று பார்த்து வரையுங்கள். 3 மி.மீ.க்கு அருகில் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.